ஆரத்தித் தட்டு சிவப்பது ஏன்? சமையலறைப் பொருள்களை வைத்து அமிலம், காரம், பிஹெச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் எப்படிச் சிவப்பாகிறது? அதில் குங்குமம் போடுகிறார்களா?

சில வீடுகளில் குங்குமமும் போடுவார்கள், ஆனால் அது இல்லாமலே சிவக்கும். தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்துப் போட்டுக் கலக்கினால் போதும், கலக்கிக்கொண்டிருக்கும்போதே செக்கச்செவேல் என்று மாறிவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அது இருக்கும் கரைசல் அமிலமாகவோ நடுநிலையாகவோ இருந்தால் மஞ்சளாகவே இருக்கும், காரமானால் செம்பழுப்பாகிவிடும். சுண்ணாம்பு நல்ல காரம், அதனால்தான் இந்த நிறம். இப்படி நிறத்தால் தகவல் சொல்லும் பொருளைத்தான் பாடப்புத்தகம் நிறங்காட்டி என்கிறது. லிட்மஸ் தாளைப் பார்ப்பதற்கு முன்பே இதை நீங்கள் கல்யாண வீட்டு வாசலில் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மறுபடி மஞ்சளாகிவிடும். இந்தத் திரும்பி வருதல்தான் முக்கியம், ஏனென்றால் குர்குமின் அழியவில்லை, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது என்பது இதில்தான் தெரிகிறது.

அமிலம் என்றால் புளிப்பு, காரம் என்றால் மிளகாய்க் காரம். அப்படித்தானே?

முதல் பாதி ஓரளவு சரி, இரண்டாவது பாதி முழுக்கத் தவறு. இந்தக் குழப்பம் தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டுமே வருவது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

புளிப்பு என்பது நாக்கு அமிலத்தை உணரும் விதம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். பெயர்கள் வேறு வேறு, ஆனால் எல்லாமே தண்ணீரில் கலந்ததும் ஹைட்ரஜன் அயனியை (H⁺) விடுகின்றன, நாக்குக்குப் புளிப்பாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

வேதியியலில் சொல்லும் காரம் வேறு. ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ளும் பொருள் அது, தண்ணீரில் கரைகிற காரங்களில் ஹைட்ராக்சைடு அயனி (OH⁻) மிகுந்திருக்கும். கையில் பட்டால் வழவழப்பு, வாயில் பட்டால் கசப்பு. மிளகாயில் எரிவது காப்சைசின் என்ற பொருள், அது நாக்கில் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீரில் மஞ்சள் தாளை, அதாவது மஞ்சள்தூள் சாற்றில் நனைத்துக் காய வைத்த தாளை, நனைத்தால் சிவக்கவே சிவக்காது, நீங்களே செய்து பார்க்கலாம். இலங்கைப் பாடநூல்களில் இந்த வேதியியல் காரத்தை ‘மூலம்’ என்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்கு இடம் தராத சொல் என்பதால் எனக்கு அது பிடிக்கும், ஆனால் தமிழ்நாட்டுத் தேர்வில் ‘காரம்’ என்றுதான் எழுத வேண்டும்.

சோடா அமிலமா காரமா? ஒரு இடத்தில் அமிலம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் காரம் என்கிறார்கள்.

இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் இருப்பதால் வந்த சிக்கல். கடையில் குடிக்கிற கோலி சோடா என்பது கார்பன் டை ஆக்சைடு வாயுவை அழுத்திக் கரைத்த தண்ணீர். வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆவதால் அது அமிலம், பிஹெச் ஏறத்தாழ 4. ஆப்பத்துக்கும் பஜ்ஜிக்கும் போடுகிற சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட் (NaHCO₃), வெள்ளைத் தூள், மிதமான காரம், பிஹெச் ஏறத்தாழ 8.3. கேள்வித்தாளில் ‘சமையல் சோடா’, ‘சோடா நீர்’ எது கேட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பிஹெச் எண் அளக்கிறது என்ன? அமிலம் கூடக் கூட எண் ஏன் குறைகிறது?

கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஆனால் அந்த அளவுகள் மிகச் சிறியவை. சுத்தமான தண்ணீரில், 25 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டருக்கு 0.0000001 மோல் ஹைட்ரஜன் அயனி. இதை ஒவ்வொரு முறையும் எழுதுவது தொல்லை. புள்ளிக்குப் பிறகு அந்த 1 எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள், ஏழாவது இடம். அதுதான் பிஹெச் 7. பத்து மடங்கு அதிக அயனி இருந்தால் 0.000001, 1 ஆறாவது இடத்துக்கு வந்துவிடும், பிஹெச் 6. அயனி கூடும்போது பூஜ்யங்கள் குறைகின்றன, அதனால்தான் எண் இறங்குகிறது. பெரிய வகுப்பில் இதையே மடக்கை வைத்து இப்படி எழுதுவீர்கள்:

pH = −log₁₀[H⁺]

இந்தக் குறுக்குவழியை 1909-இல் கொண்டுவந்தவர் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை நடத்திய ஆய்வகத்தில். நொதிகள் வேலை செய்யும் வேகம் அமிலத்தன்மை கொஞ்சம் மாறினாலே மாறியது, அதைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ள அவருக்கு ஒரு வசதியான எண் தேவைப்பட்டது.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு, இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. தயிர் ஏறத்தாழ 4.5, எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2.3. வித்தியாசம் இரண்டே சொச்சம் என்று தோன்றும், ஆனால் எலுமிச்சையில் ஹைட்ரஜன் அயனி தயிரைப் போல நூறு மடங்குக்கும் மேல்.

பிஹெச் 0 முதல் 14 வரைதான் இருக்க முடியுமா?

பள்ளிப் பாடத்துக்கு அப்படி. ஆய்வகத்தில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0-க்குக் கீழேயும் போகும். சமையலறையில் அந்தக் கவலை இல்லை, உணவுப் பொருள்களில் ஏறக்குறைய எல்லாமே 2-க்கும் 9-க்கும் நடுவில் அடங்கிவிடும்.

மஞ்சள் தாள் வீட்டில் செய்தேன், வெளிறிப்போய் இருக்கிறது. எங்கே தப்பு?

அனேகமாகத் தண்ணீரில் கரைத்திருப்பீர்கள். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, தூள் அடியில் தங்கிவிடும், தாளில் ஏறாது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை மூன்று நான்கு தேக்கரண்டி சானிடைசரில் (ஆல்கஹால் உள்ள, தண்ணீர் போல ஓடுகிற வகை) கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் திரவத்தில் வடிதாளையோ சாதாரணக் கைதுடைக்கும் தாளையோ நனைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் காய வைத்தால் குர்குமின் வெளுத்துவிடும், சாம்பார்க் கறை பட்ட சட்டையை வெயிலில் போட்டால் கறை போவது அதனால்தான். ஆல்கஹால் தீப்பற்றும், ஆகவே அடுப்பு எரியும்போது இதைச் செய்யாதீர்கள்.

சட்டை என்றதும் இன்னொன்று. அந்தக் கறையில் துணி சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, பலர் பயந்துவிடுகிறார்கள். சோப்பு காரம், சட்டையே நிறங்காட்டித் தாளாகிவிட்டது. நன்றாக அலசினால் சோப்பு போய்விடும், மஞ்சள் திரும்ப வரும்.

மஞ்சள் தாளில் எலுமிச்சை விட்டேன், ஒன்றுமே ஆகவில்லை. எலுமிச்சை அமிலம் இல்லையா?

அமிலம்தான். மஞ்சள் அமிலத்தைக் காட்டாது, அதன் எல்லை அது. ஏறத்தாழ 7.4-க்கு மேலே போனால்தான் மாறத் தொடங்கும், 8.6 வாக்கில் முழுதாக மாறியிருக்கும். அதற்குக் கீழே எலுமிச்சை, பால், தண்ணீர் எல்லாமே அதற்கு ஒன்றுதான். ஆகவே ‘மஞ்சள் மாறவில்லை, எனவே இது அமிலம்’ என்று செய்முறைக் குறிப்பேட்டில் எழுதினால் மதிப்பெண் போகும். ‘காரம் அல்ல’ என்று மட்டும்தான் எழுத முடியும்.

அமிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேலியில் பூக்கிற நீலச் சங்குப்பூ நல்லது. காக்கட்டான் என்றும் சொல்வார்கள். பத்துப் பூவைக் காம்பு நீக்கி, ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து வடிகட்டினால் ஆழ்ந்த நீலச் சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சை விட்டால் கத்தரிப்பூ நிறம், சமையல் சோடா போட்டால் பச்சை கலந்த நீலம், தெளிந்த சுண்ணாம்பு நீர் விட்டால் பச்சை, கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளாகவும் போய்விடும். சுண்ணாம்பில் மஞ்சளானதை எலுமிச்சை விட்டுத் திருப்ப முடியாது, வலுத்த காரத்தில் அந்த நிறப்பொருளே சிதைந்துவிடுகிறது. சாறு இரண்டு நாளில் கெட்டுவிடும், ஐஸ் தட்டில் உறைய வைத்துக்கொண்டால் வேண்டும்போது ஒரு கட்டி எடுக்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. தயிருக்கு மேலே நிற்கும் தெளிந்த நீரில் சங்குப்பூ பெரும்பாலும் நீலமாகவே இருக்கும், ஏனென்றால் 4.5 என்ற அளவு அதன் நிறம் தெளிவாக மாறுகிற இடம் அல்ல. ஊதா முட்டைக்கோஸ் கிடைத்தால் அதன் சாறு இந்த இடத்தில் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

எலுமிச்சையும் சோடாவும் சேர்த்தால் நுரைக்கிறதே, எவ்வளவு போட்டால் சரியாக நடுநிலை ஆகும்?

இதைக் கணக்குப் போட்டே செய்து பார்க்கலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ கால் கிராம் சிட்ரிக் அமிலம் இருக்கும் (சாற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டால்). ஒரு சிட்ரிக் அமில மூலக்கூறு மூன்று ஹைட்ரஜன் அயனிகளைத் தரக்கூடியது, அதனால் அதற்கு மூன்று சோடா மூலக்கூறுகள் வேண்டும். எடையில் பார்த்தால் 192 கிராம் அமிலத்துக்கு 252 கிராம் சோடா. அப்படியானால் கால் கிராமுக்கு மூன்றில் ஒரு பங்கு கிராம், விரல் நுனியில் எடுக்கிற ஒரு நல்ல சிட்டிகை.

இனி செய்முறை. டம்ளரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரை டம்ளர் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சங்குப்பூச் சாறு. கத்தரிப்பூ நிறமாக இருக்கும். சோடாவைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் நுரை அடங்கும்வரை கலக்குங்கள். வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. நிறம் ஊதாவாகி, பிறகு நீலமாகும்போது நுரையும் நின்றிருக்கும். இங்கே அவசரப்பட்டால்தான் தப்பு வருகிறது: கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் அமிலம் என்பதால், அது வெளியேறும்வரை இரண்டு நிமிடம் காத்திருந்து நிறத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு மேலும் ஒரு கரண்டி சோடா கொட்டிப் பாருங்கள். பச்சை கலந்த நீலத்தோடு நின்றுவிடும், சுண்ணாம்பு தந்த பச்சைக்குப் போகாது. எவ்வளவு கரைத்தாலும் சமையல் சோடா 8.3-ஐச் சுற்றியே நிற்கும். பைகார்பனேட் அயனியால் ஹைட்ரஜன் அயனியை வாங்கவும் முடியும், விடவும் முடியும், அதனால் அது ஒரு பக்கமாக வெகுதூரம் இழுப்பதில்லை.

சோடாக் கரைசலைக் கொதிக்க வைத்தால் மஞ்சள் தாள் இன்னும் சிவக்கிறது. சூடு பட்டால் காரம் கூடுமா?

பொருளே மாறிவிடுகிறது. அரைத் தேக்கரண்டி சோடாவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மஞ்சள் தாளை நனைத்தால் செம்மஞ்சள் நிறம்தான் வரும். அதே கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆற வைத்து, புதுத் தாளை நனைத்தால் அடர்சிவப்பு. நடந்தது இது:

2NaHCO₃ → Na₂CO₃ + CO₂ + H₂O

கார்பன் டை ஆக்சைடு ஆவியோடு போய்விட, மிஞ்சுவது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அதன் பிஹெச் 11-ஐ ஒட்டி வரும். 8.3-லிருந்து 11 என்றால் அயனிக் கணக்கில் பல நூறு மடங்கு. மாணவர்கள் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் வேறு விளக்கமே தேவைப்படாது. பெரியவர் ஒருவர் அடுப்பருகில் இருக்கட்டும், ஆறிய கரைசலைக் கையில் படாமல் கொட்டிவிடுங்கள்.

இட்லி மாவு புளிப்பதும் இதே கதையா? புளித்த மாவில் சோடா போடுவது சரியா?

ஆமாம். அரைத்த உடனே மாவு 6-ஐ ஒட்டி, கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும். இரவில் பாக்டீரியாக்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன, காலையில் 4.5 வாக்கில் வந்திருக்கும். கூடவே வாயுவும் உண்டாவதால்தான் மாவு பொங்குகிறது. பிஹெச் பட்டை கிடைத்தால் ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று, மறுநாள் ஒன்று என்று தோய்த்துத் தேதியோடு குறிப்பேட்டில் ஒட்டலாம். மாவு பட்டையில் அப்பிக்கொண்டு நிறத்தை மறைக்கும், அதனால் ஒரு கரண்டி மாவில் ஒரு கரண்டி வடிகட்டின தண்ணீர் கலக்கி, தெளிய விட்டு, மேல் நீரில் தோய்ப்பது நல்லது.

மிகவும் புளித்த மாவில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் அமிலத்தில் ஒரு பகுதி நடுநிலையாகும், வாயுவும் வரும். அதிகமாகிவிட்டால் இட்லியில் மஞ்சள் நிறமும் சோப்புத் தண்ணீர் போன்ற சுவையும் தெரியும். அமிலம் தீர்ந்த பிறகு மிஞ்சிய சோடா, வேகும் சூட்டில் மேலே சொன்னபடி சலவைச் சோடா ஆகிவிடுவதால் வரும் சுவை அது.

எலுமிச்சைச் சாற்றில் ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தேன். பத்தில் ஒரு பங்கு அடர்த்தி என்றால் பிஹெச் ஒரு எண் ஏற வேண்டுமே, ஏறவில்லை.

மிக நல்ல கேள்வி, கவனித்து அளந்தவர்களுக்குத்தான் இது வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் கணக்காக ஒரு எண் ஏறியிருக்கும், அது வலிமைமிகு அமிலம், தண்ணீரில் முழுக்கப் பிரிந்துவிடும். சிட்ரிக் அமிலம் வலிமை குறைந்தது. அதன் மூலக்கூறுகளில் சிறு பங்குதான் ஒரு நேரத்தில் பிரிந்திருக்கும், மற்றவை ஹைட்ரஜனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்ததும் பிடித்துக்கொண்டிருந்தவற்றில் இன்னும் சில விட்டுவிடுகின்றன, அதனால் அயனி அளவு பத்தில் ஒன்றாக விழுவதில்லை. பிஹெச் அரை எண் அளவுக்குத்தான் ஏறும்.

சர்க்கரை போட்டால் எலுமிச்சைச் சாறு அமிலம் குறையுமா என்றும் கேட்பார்கள். குறையாது. இனிப்பு நாக்கை ஏமாற்றுகிறது, சங்குப்பூ ஏமாறாது, அதே கத்தரிப்பூ நிறத்தைத்தான் காட்டும்.

சோப்பு எல்லாமே காரமா?

கட்டிக் குளியல் சோப்பு 9 முதல் 10 வரை இருக்கும், மஞ்சள் தாள் சிவக்கும். ஆனால் ஷாம்பூவிலும் பல திரவக் கைகழுவிகளிலும் தாள் மாறாது, அவை நடுநிலைக்கு அருகில் இருக்கும்படி செய்யப்பட்டவை, வேதியியல்படி சோப்பும் அல்ல. உணவில் காரம் அபூர்வம். எனக்குத் தெரிந்து தினசரி அடுக்களையில் சோடாவைத் தவிர முட்டை வெள்ளைக்கருதான், அதுவும் முட்டை பழசாகப் பழசாக ஓட்டின் நுண்துளை வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி 9-ஐத் தாண்டும்.

குளியலறை ஆசிட், பிளீச்சிங் பவுடரையும் சோதித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். வீட்டில் யாராவது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கழுவினால் நிறுத்தச் சொல்லுங்கள், ஏற்கனவே கலந்துவிட்டால் எட்டிப் பார்க்காமல் வெளியே வந்து கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுண்ணாம்பும் லேசுப்பட்டதல்ல, தெளிந்த சுண்ணாம்பு நீரே 12-க்கு மேல். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். எலுமிச்சை காரத்தை நடுநிலையாக்கும் என்று படித்ததை வைத்துக் கண்ணில் அதை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் மட்டும்தான்.